a + b + c = 1 என்று வைத்துக்கொள்ள அனுமதி எங்கிருந்து வருகிறது?

சமனிலி நிரூபணங்களைப் படிக்க ஆரம்பிக்கிற எல்லோரும் சீக்கிரமே ஒரு வரியில் முட்டிக்கொண்டு நிற்பார்கள். "பொதுத்தன்மையை இழக்காமல் a + b + c = 1 எனக் கொள்வோம்" என்பதுதான் அந்த வரி. கேள்வியில் a, b, c மூன்றும் மிகை எண்கள் என்று மட்டும்தான் சொல்லியிருக்கும். அவற்றின் கூட்டுத்தொகை 1 என்று யாரும் சொல்லவில்லை, 2, 3, 5 என்றுகூட இருக்கலாமே, அப்படியிருக்க நாமாக ஒரு நிபந்தனையைச் சேர்த்துவிட்டு அதை வைத்தே நிரூபிப்பது எப்படி நியாயம் ஆகும்? நியாயமான சந்தேகம் இது. இதற்குப் பதில் தெரியாமல் அந்த வரியை எழுதப் பழகிவிட்டால், எழுதக்கூடாத இடத்திலும் கை தானாக எழுதிவிடும்.

ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டே பார்ப்போம். 2003-ஆம் ஆண்டு அமெரிக்கக் கணித ஒலிம்பியாடில் 5-ஆவது கேள்வியாக வந்தது. a, b, c மிகை எண்கள் என்றால்

(2a + b + c)² / (2a² + (b + c)²) + (2b + c + a)² / (2b² + (c + a)²) + (2c + a + b)² / (2c² + (a + b)²) ≤ 8

என்று காட்ட வேண்டும்.

முதலில் a = 2, b = 3, c = 5 என்று போட்டுப் பாருங்கள். முதல் உறுப்பில் தொகுதி (4 + 3 + 5)² = 144, பகுதி 8 + 64 = 72, ஆக மதிப்பு 2. இரண்டாவது 169/67, அதாவது சுமார் 2.52. மூன்றாவது 225/75 = 3. மொத்தம் ஏறக்குறைய 7.52 வருகிறது, 8-க்குள் அடங்கிவிட்டது. இப்போது மூன்றையும் 10-ஆல் வகுத்து 0.2, 0.3, 0.5 என்று போடுங்கள். முதல் உறுப்பு (1.2)² / (0.08 + 0.64) = 1.44 / 0.72, மறுபடியும் அதே 2. மற்ற இரண்டும் அப்படியே மாறாமல் வரும். காரணம் எளிது: தொகுதியிலும் பகுதியிலும் ஒவ்வோர் உறுப்பும் இரண்டு மாறிகளின் பெருக்கமாக இருக்கிறது, எல்லா மாறிகளையும் t மடங்கு ஆக்கினால் மேலே ஒரு t², கீழே ஒரு t² வெளியே வந்து அடிபட்டுப் போகிறது.

இந்தக் குணத்துக்குத்தான் சமபடித்தான தன்மை என்று பெயர். எல்லா மாறிகளையும் t மடங்கு ஆக்கும்போது ஒரு கோவை tᵏ மடங்கு ஆனால் அது k படி கொண்ட சமபடித்தான கோவை. ஒரு சமனிலியின் இரு பக்கமும் ஒரே k கொண்டிருந்தால், t மிகை எண்ணாக இருக்கும் வரை இரு பக்கத்திலிருந்தும் tᵏ-ஐ எடுத்துவிடலாம், சமனிலி இருந்தபடியே இருக்கும். மேலே உள்ள கேள்வியில் k = 0, வலது பக்கத்தில் உள்ள 8-உம் 0 படிதான். a³ + b³ + c³ ≥ 3abc என்பதில் இரு பக்கமும் 3 படி. a² + b² + c² ≥ a + b + c என்பதில் இடப்பக்கம் 2, வலப்பக்கம் 1, ஆக இது சமபடித்தானதல்ல. இந்தக் கடைசி உதாரணத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது அந்த அனுமதி எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். யாரோ ஒருவர் எந்த a, b, c-ஐக் கொடுத்தாலும் சரி, S = a + b + c என்று எடுத்துக்கொண்டு a/S, b/S, c/S என்ற புதிய மூன்று எண்களை உருவாக்குகிறோம். இவற்றின் கூட்டுத்தொகை 1. சமனிலி சமபடித்தானது என்பதால் பழைய மூன்றுக்கு அது உண்மையா என்பதும் புதிய மூன்றுக்கு உண்மையா என்பதும் ஒரே கேள்விதான். ஆகவே கூட்டுத்தொகை 1 ஆக உள்ள எல்லா மூன்றுகளுக்கும் நிரூபித்துவிட்டால், மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்தே நிரூபித்தாயிற்று. நாம் கேள்வியில் எந்த நிபந்தனையையும் திணிக்கவில்லை. ஒரே விகிதத்தில் இருக்கும் கணக்கற்ற மூன்றுகளில் ஒன்றைப் பிரதிநிதியாக எடுத்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

வடிவியலாகப் பார்க்கப் பிடிக்கும் என்றால் இப்படிப் பாருங்கள். (a, b, c) என்பதை வெளியில் ஒரு புள்ளியாக எடுத்துக்கொண்டால், ஆதிப்புள்ளியிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு கதிரிலும் உள்ள புள்ளிகள் எல்லாம் ஒரே விகிதம் கொண்டவை. 0 படி கொண்ட கோவை ஒரு கதிர் முழுக்க ஒரே மதிப்பைத்தான் தரும். எனவே ஒவ்வொரு கதிரிலும் ஒரு புள்ளியைச் சோதித்தால் போதும். a + b + c = 1 என்ற தளம், மாறிகள் மிகை எண்களாக உள்ள பகுதியில், ஒவ்வொரு கதிரையும் சரியாக ஒரு முறை வெட்டுகிறது. abc = 1 என்ற வளைபரப்பும் அப்படியே ஒவ்வொரு கதிரையும் ஒரு முறைதான் வெட்டும், அங்கே S-க்குப் பதிலாக abc-யின் கனமூலத்தால் வகுக்கிறோம். 2, 3, 5-ஐ எடுத்தால் பெருக்கற்பலன் 30, அதன் கனமூலம் சுமார் 3.107, வகுத்தால் 0.644, 0.966, 1.609 வருகிறது. 0.2, 0.3, 0.5 என்பதும் இதுவும் ஒரே கதிரில் இருக்கும் வெவ்வேறு புள்ளிகள். ஒவ்வொரு கதிரையும் ஒரு முறை சந்திக்கும் எந்த நிபந்தனையும் இதற்குச் சரிதான். a² + b² + c² = 1 என்றோ வெறுமனே c = 1 என்றோகூட வைக்கலாம். எதை வைத்தால் கணக்கு இளகும் என்பதுதான் கேள்வி.

நமது கேள்விக்கு எது பொருந்தும்? உறுப்புகளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். 2a + b + c என்பது a + (a + b + c), b + c என்பது (a + b + c) − a. மூன்று மாறிகளின் கூட்டுத்தொகை எல்லா இடத்திலும் ஒளிந்திருக்கிறது. அதை 1 ஆக்கிவிட்டால் முதல் உறுப்பில் b, c இரண்டும் காணாமல் போய் a மட்டும்தான் மிஞ்சும்:

(1 + a)² / (2a² + (1 − a)²) = (a² + 2a + 1) / (3a² − 2a + 1)

மற்ற இரண்டு உறுப்புகளிலும் இதே சார்பில் a-க்குப் பதில் b, c. இதுதான் கூட்டுத்தொகையை 1 ஆக வைப்பதால் கிடைக்கும் பெரிய லாபம் என்று நினைக்கிறேன். மூன்று மாறிக் கேள்வி ஒரு மாறிக் கேள்வியாகச் சுருங்கிவிட்டது. இந்தச் சார்பை f(a) என்று அழைப்போம். f(a) + f(b) + f(c) ≤ 8 என்று காட்ட வேண்டும்.

மூன்றும் சமமாக இருக்கும்போது, அதாவது a = 1/3 எனும்போது, f = (16/9) / (2/3) = 8/3. மூன்று சேர்ந்தால் சரியாக 8. ஆக அங்கே சமக்குறி. ஆனால் f(a) ≤ 8/3 என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் காட்டலாமா என்றால் முடியாது. சற்று முன் பார்த்த 2, 3, 5-இல் மூன்றாவது உறுப்பு 3 வந்ததே, அது 8/3-ஐ விடப் பெரியது. ஒன்று கூடினால் இன்னொன்று குறையும் என்பதைக் கணக்கில் எடுக்க ஒரு வழி வேண்டும். அதற்கு நேர்கோடு உதவும். f(a) ≤ ma + n என்று ஏதோ ஒரு m, n-க்குக் காட்ட முடிந்தால், மூன்றையும் கூட்டும்போது வலப்பக்கம் m(a + b + c) + 3n = m + 3n. மாறிகள் எல்லாம் மறைந்து வெறும் எண் நிற்கிறது, கூட்டுத்தொகை 1 என்ற நிபந்தனை வேலை செய்யும் இடம் இதுதான்.

எந்த நேர்கோடு? a = 1/3-இல் சமக்குறி வர வேண்டும், அக்கம்பக்கத்தில் f எங்கேயும் கோட்டுக்கு மேலே போகக்கூடாது, ஆகவே அது அந்த இடத்தில் தொடுகோடாகத்தான் இருக்க முடியும். பகுதியான 3a² − 2a + 1-இன் வகைக்கெழு 6a − 2, அது a = 1/3-இல் பூச்சியம். அதனால் f-இன் சாய்வு, தொகுதியின் வகைக்கெழுவைப் பகுதியால் வகுத்தாலே வந்துவிடும்: (8/3) / (2/3) = 4. கோடு 8/3 + 4(a − 1/3), அதாவது 4a + 4/3.

இனி f(a) ≤ 4a + 4/3 என்று காட்ட வேண்டும். தொகுதியைப் பகுதியின் மூன்றில் ஒரு பங்காகவும் மீதியாகவும் பிரித்தால்

f(a) = 1/3 + (8a + 2) / (3(3a² − 2a + 1))

பகுதியில் உள்ள 3a² − 2a + 1-ஐ 3(a − 1/3)² + 2/3 என்று எழுதலாம், அது ஒருபோதும் 2/3-க்குக் குறையாது. 8a + 2 மிகை எண், எனவே பகுதியைச் சிறிதாக்கினால் பின்னம் பெரிதாகும்:

f(a) ≤ 1/3 + (8a + 2)/2 = 4a + 4/3

மூன்றையும் கூட்டினால் 4 + 4 = 8. முடிந்தது. a, b, c மிகை எண்கள் என்ற நிபந்தனை எங்கே பயன்பட்டது என்று கேட்டால், 8a + 2 மிகை என்று சொன்ன இடத்திலும், முதலில் S-ஆல் வகுத்த இடத்திலும்தான். நிரூபணத்தை எழுதி முடித்ததும் கொடுத்த நிபந்தனைகள் எங்கெங்கே வேலை செய்தன என்று இப்படித் தேடிப் பார்ப்பது நல்லது. எங்குமே பயன்படவில்லை என்றால் ஏதோ ஓட்டை இருக்க வாய்ப்பு அதிகம்.

கூட்டுத்தொகையை 1 என்றுதான் வைக்க வேண்டும் என்றும் இல்லை. 3 என்று வைத்தால் சமக்குறி a = b = c = 1-இல் வரும், பின்னங்கள் குறையும். இதே கேள்வியில் கோடு (4a + 4)/3 என்று மாறும், மற்றதெல்லாம் அப்படியே.

சரி, பெருக்கற்பலனை 1 ஆக வைக்க வேண்டிய இடம் எது? 2001-இல் வாஷிங்டனில் நடந்த சர்வதேசக் கணித ஒலிம்பியாடின் 2-ஆவது கேள்வியை எடுத்துக்கொள்வோம். a, b, c மிகை எண்கள் என்றால்

a/√(a² + 8bc) + b/√(b² + 8ca) + c/√(c² + 8ab) ≥ 1

இதுவும் 0 படி கொண்டதுதான்: மேலே a ஒரு படி, கீழே வர்க்கமூலத்துக்குள் 2 படி, வெளியே வந்தால் ஒரு படி. ஆனால் இங்கே a + b + c = 1 என்று வைத்தால் உறுப்பு ஒரு மாறிக்குச் சுருங்காது. கூட்டுத்தொகை தெரிந்தால் b + c தெரியும், ஆனால் bc தெரியாது. பெருக்கற்பலன் தெரிந்தால் bc தெரியும். abc = 1 என்றால் bc = 1/a. அப்போது முதல் உறுப்பு a/√(a² + 8/a), மேலும் கீழும் a-ஆல் வகுத்தால் 1/√(1 + 8/a³). x = 1/a³, y = 1/b³, z = 1/c³ என்று எழுதினால் xyz = 1, கேள்வி இப்படி ஆகிறது:

1/√(1 + 8x) + 1/√(1 + 8y) + 1/√(1 + 8z) ≥ 1

எல்லாம் ஒரு மாறி உறுப்புகள். முன்பு செய்த தொடுகோட்டு வேலையை இங்கேயும் செய்யலாமே என்று தோன்றும். கூட்டுத்தொகைக்குப் பதில் பெருக்கற்பலன் கட்டுப்பட்டிருப்பதால் மடக்கையை எடுக்க வேண்டும்: ln x + ln y + ln z = 0. ஆகவே 1/√(1 + 8x) ≥ 1/3 + k ln x என்று ஒரு k-க்குக் காட்டினால் கூட்டும்போது மடக்கைகள் மறைந்துவிடும். x = 1-இல் இடப்பக்கத்தின் வகைக்கெழு −4/27, எனவே k = −4/27 தவிர வேறு எதுவும் ஒத்துவராது. இங்கேதான் நின்று சரிபார்க்க வேண்டும். x = 1/1000 என்று போடுங்கள். ln x சுமார் −6.9, வலப்பக்கம் சுமார் 1/3 + 1.02, அதாவது 1.35-க்கு மேல். இடப்பக்கமோ எப்போதும் 1-க்குக் குறைவு. ஆக இந்தக் கோடு பொய்.

ஏன் இப்படி ஆயிற்று என்பது தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். கூட்டுத்தொகை 1 என்றால் ஒவ்வொரு மாறியும் 0-க்கும் 1-க்கும் நடுவில் அடைபட்டிருக்கும். தொடுகோட்டை அந்தச் சின்ன இடைவெளியில் மட்டும் சரிபார்த்தால் போதும். பெருக்கற்பலன் 1 என்றால் அப்படிக் கட்டுப்பாடு கிடையாது, x ஆயிரத்தில் ஒன்றாகவும் இருக்கலாம், பத்து லட்சமாகவும் இருக்கலாம். இந்தக் கேள்வியில் அந்த ஓரங்களில்தான் சிக்கல் இருக்கிறது. மூலக் கேள்வியில் b = c = 1 என்று வைத்து a-ஐ மிகப் பெரிதாக்கினால் முதல் உறுப்பு 1-ஐ நெருங்கும், மற்ற இரண்டும் 0-ஐ நெருங்கும், மொத்தம் 1-ஐ நெருங்குகிறது. அதாவது a = b = c-இல் மட்டுமல்லாமல் வெகு தூரத்திலும் இந்தச் சமனிலி இறுக்கமாக இருக்கிறது. நடுவில் தொடும் ஒரு கோடு அந்தத் தூரத்தையும் தாங்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

அதனால் வேறு வழி. மூன்று உறுப்புகளையும் u, v, w என்று அழைப்போம். u = 1/√(1 + 8x) என்பதிலிருந்து 8x = (1 − u²)/u². மூன்றையும் பெருக்கினால், xyz = 1 என்பதால்,

(1 − u²)(1 − v²)(1 − w²) = 512 u²v²w²

காட்ட வேண்டியது u + v + w ≥ 1. அது பொய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம், அதாவது u + v + w < 1. அப்போது 1-ஐ எடுத்துவிட்டு அங்கே அதைவிடச் சிறிதான (u + v + w)²-ஐ வைக்கலாம்:

1 − u² > (u + v + w)² − u² = (v + w)(2u + v + w)

இதேபோல் மற்ற இரண்டும். மூன்றையும் பெருக்கினால் வலப்பக்கத்தில் முதலில் (v + w)(w + u)(u + v) இருக்கிறது, கூட்டுச் சராசரி பெருக்குச் சராசரிக்குக் குறையாது என்பதால் இது 8uvw-க்குக் குறையாது. அப்புறம் 2u + v + w-ஐ (u + v) + (u + w) என்று பிரித்தால், அதே சராசரிச் சமனிலியால் அது 2√((u + v)(u + w))-க்குக் குறையாது. மூன்று அடைப்புகளையும் பெருக்கும்போது ஒவ்வொரு (u + v) வகை உறுப்பும் இரண்டு வர்க்கமூலங்களில் வருவதால் முழுசாக வெளியே வந்து 8(u + v)(v + w)(w + u) கிடைக்கிறது, அது 64uvw-க்குக் குறையாது. ஆக மொத்தப் பெருக்கற்பலன் 8uvw × 64uvw = 512u²v²w²-ஐ விடக் கண்டிப்பாகப் பெரியது. ஆனால் அது சரியாக 512u²v²w² என்று மேலேயே பார்த்தோம். முரண்பாடு, ஆகவே u + v + w ≥ 1.

abc = 1 என்று வைத்ததால் மட்டும் நிரூபணம் தானாக வந்துவிடவில்லை என்பதையும் இங்கே கவனிக்கலாம். அது கேள்வியைக் கையாளக்கூடிய வடிவத்துக்குக் கொண்டுவந்தது, அதற்கு மேல் சிந்தனை தனியாகத் தேவைப்பட்டது. பெரும்பாலான நல்ல கேள்விகளில் இப்படித்தான் இருக்கும்.

இதுவரை கேள்வியில் நிபந்தனை எதுவும் இல்லாத நிலை. கேள்வியே ஒரு நிபந்தனையோடு வந்தால்? "abc = 1 என்றால் a² + b² + c² ≥ a + b + c எனக் காட்டுக" என்று கேட்டிருந்தால், "a + b + c = 1 எனக் கொள்வோம்" என்று எழுதக்கூடாது. இந்த இரு பக்கமும் வெவ்வேறு படி, அளவை மாற்றினால் சமனிலியே மாறிவிடும். உண்மையில் கூட்டுத்தொகை 1 ஆக உள்ள மிகை எண்களுக்கு இது எப்போதுமே பொய்: a² + b² + c² அங்கே 1-க்குக் குறைவாகத்தான் இருக்கும். ஒரே வரி, abc = 1-இல் உண்மை, a + b + c = 1-இல் பொய். படியைச் சரிபார்க்காமல் நிபந்தனையைப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

ஆனால் வழி இருக்கிறது. முதலில் கொடுத்த நிபந்தனையைப் பயன்படுத்திச் சமனிலியைச் சமபடித்தானதாக மாற்ற வேண்டும். வலப்பக்கத்துக்கு ஒரு படி குறைகிறது, abc = 1 என்பதால் ∛(abc)-யும் 1, அதன் படி 1, அதைப் பெருக்கினால் மதிப்பு மாறாது:

a² + b² + c² ≥ (a + b + c) · ∛(abc)

இப்போது இரு பக்கமும் 2 படி. இனி இந்தச் சமனிலி abc = 1-ஐ நம்பி இருக்கவில்லை, எல்லா மிகை எண்களுக்கும் பொருந்தும் கூற்றாகிவிட்டது. எனவே பழைய நிபந்தனையை விட்டுவிட்டு, வேண்டுமென்றால் a + b + c = 1 என்று புதிதாக வைக்கலாம். அப்போது காட்ட வேண்டியது a² + b² + c² ≥ ∛(abc). இடப்பக்கம் குறைந்தது 1/3, ஏனென்றால் 3(a² + b² + c²) ≥ (a + b + c)². வலப்பக்கம் அதிகபட்சம் 1/3, அது சராசரிச் சமனிலி. ஒரு வரியில் முடிந்துவிட்டது. ஒரு நிபந்தனையிலிருந்து இன்னொன்றுக்கு இப்படி நடுவில் சமபடித்தான வடிவத்தின் வழியாகத்தான் போக முடியும், நேராகத் தாவ முடியாது.

இதிலிருந்து வரும் இன்னொரு பிழைதான் எனக்கு மிக ஆபத்தானதாகத் தெரிகிறது: இரண்டு நிபந்தனைகளையும் ஒன்றாக வைத்துக்கொள்வது. அளவை மாற்றும் சுதந்திரம் ஒன்றே ஒன்றுதான், t என்ற ஓர் எண். அதைக் கூட்டுத்தொகைக்குச் செலவழித்துவிட்டால் பெருக்கற்பலனுக்கு மிச்சம் எதுவும் இல்லை. a + b + c = 1, abc = 1 என்று இரண்டையும் எழுதினால் அப்படிப்பட்ட மிகை எண்களே கிடையாது, கூட்டுத்தொகை 1 என்றால் பெருக்கற்பலன் 1/27-ஐத் தாண்டாது. இது வெளிப்படையான தவறு, யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். a + b + c = 3, abc = 1 என்று எழுதுவதுதான் மறைவாகக் கெடுக்கும். இந்த இரண்டும் சேர்ந்தால் a = b = c = 1 மட்டும்தான் சாத்தியம். அதன் பிறகு எதை எழுதினாலும் சரியாகவே வரும், சமக்குறி வரும் ஒரே ஒரு புள்ளியை மட்டும் சோதித்துவிட்டு முழுச் சமனிலியையும் நிரூபித்ததாக நினைத்துக்கொள்வோம். நிரூபணத்தின் முதல் வரியில் ஒன்றும் நடுவில் இன்னொன்றுமாக இது நுழையும்போது கண்ணில் படுவது கஷ்டம். சந்தேகம் வந்தால் உங்கள் நிபந்தனைகளைப் பூர்த்தி செய்யும், மூன்றும் வெவ்வேறாக உள்ள எண்களை ஒரு தொகுதி கண்டுபிடித்துப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் எங்கோ இரண்டு முறை செலவழித்திருக்கிறீர்கள்.

a ≥ b ≥ c என்று சேர்த்து வைப்பது இதில் வராது. அது அளவைச் செலவழிப்பதில்லை, மாறிகளின் பெயரை இடம் மாற்றும் உரிமையைத்தான் செலவழிக்கிறது. கோவை மாறிகளை எப்படி இடம் மாற்றினாலும் மாறாததாக இருந்தால் கூட்டுத்தொகை 1 என்பதோடு சேர்த்தே அதை வைக்கலாம். சுழற்சியில் மட்டும் மாறாத கோவை என்றால், a மிகப் பெரியது என்பது வரைதான் வைக்க முடியும், b-க்கும் c-க்கும் இடையே எது பெரிது என்று முடிவு செய்ய முடியாது.

மாறிகள் பூச்சியமாகவும் இருக்கலாம் என்று கேள்வி சொன்னால் பெருக்கற்பலனில் கவனம் தேவை. a, b, c-இல் ஒன்று பூச்சியம் என்றால் எந்த எண்ணால் வகுத்தாலும் abc-ஐ 1 ஆக்க முடியாது, அந்தக் கதிர்கள் abc = 1 என்ற பரப்பைச் சந்திப்பதே இல்லை. அந்த நிலையைத் தனியாகக் கையாள வேண்டும், சில சமனிலிகளில் சமக்குறியே அங்கேதான் வரும். கூட்டுத்தொகைக்கு இந்தத் தொல்லை இல்லை, மூன்றுமே பூச்சியமாக உள்ள நிலையை மட்டும் ஒரு வரியில் சொல்லிவிட்டால் போதும். ஆனால் மாறிகள் குறை எண்களாகவும் இருக்கலாம் என்றால் கூட்டுத்தொகையும் சிக்கல்தான், a + b + c = 0 ஆகிவிட்டால் எதால் வகுப்பது? கூட்டுத்தொகை குறை எண்ணாக இருந்து படி ஒற்றைப்படையாகவும் இருந்தால், வகுக்கும்போது சமனிலியின் திசை திரும்பிவிடும்.

விடைத்தாளில் இதையெல்லாம் விரித்து எழுத வேண்டியதில்லை. "இரு பக்கமும் ஒரே படி கொண்ட சமபடித்தான கோவைகள், a, b, c-க்குப் பதில் a/S, b/S, c/S (S = a + b + c > 0) என்று இட்டால் சமனிலி மாறாது, ஆகவே a + b + c = 1 எனக் கொள்ளலாம்" என்று எழுதிவிட்டு வேலையைத் தொடங்கலாம். பெருக்கற்பலன் என்றால் S-க்குப் பதில் ∛(abc), அதோடு மூன்றும் கண்டிப்பாக மிகை எண்கள் என்ற சொல்.